ஆரல்வாய்மொழிக் காற்றும் 'மேலும்' வியாதியும்

ஆரல்வாய்மொழியைப் பற்றி ஐந்து நிமிட விளக்கப் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்று நாலு கல்லூரி மாணவர்களிடம் சொன்னால் என்ன ஸ்கிரிப்ட் வரும்? ஏறக்குறைய இப்படித்தான் வரும்:

"ஆரல்வாய்மொழி கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில் அமைந்துள்ளது. இது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள ஒரு கணவாய் ஆகும். மேலும், 1809ஆம் ஆண்டு வேலுத்தம்பி தளவாயின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கு போர் நடைபெற்றது. அதுமட்டுமல்லாமல், அருகிலுள்ள முப்பந்தலில் புகழ்பெற்ற இசக்கியம்மன் கோவில் உள்ளது. மேலும், இங்கு ஏராளமான காற்றாலைகள் உள்ளன. இவற்றின் மொத்தத் திறன் சுமார் 1500 மெகாவாட் ஆகும். பசுமை எரிசக்தியைப் போற்றுவோம், இயற்கையைக் காப்போம். நன்றி, வணக்கம்."

இதில் பொய் ஒன்றுமில்லை. பின்னணியில் ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டு, பறக்கும் கேமராவில் எடுத்த நாலு காட்சியை ஒட்டிவிட்டால் போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கும். ஆனால் பார்த்தவரிடம் அடுத்த நாள் கேட்டால் ஒரு வரி நினைவிருக்காது. "காத்தாடி காட்டினாங்க" என்பார். அவ்வளவுதான்.

இதற்குப் பார்ப்பவரின் கவனக்குறைவைக் காரணம் சொல்வது நம் ஊர் வழக்கம். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்று முடித்துவிடலாம், வசதியான பதில். உண்மையில் அந்த ஸ்கிரிப்டில் நினைவு வைத்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஒரு சின்னச் சோதனை போதும். போர் வாக்கியத்தைக் கோவிலுக்குப் பின்னால் வைக்கலாம். காற்றாலையை முதலிலும் தோவாளை வட்டத்தைக் கடைசியிலும் வைக்கலாம். எப்படிக் குலுக்கினாலும் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. வாக்கியங்களை இடம் மாற்றியும் அர்த்தம் மாறாவிட்டால் அது ஸ்கிரிப்ட் இல்லை, மளிகைச் சீட்டு. மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் ஒன்றுதான்.

குற்றவாளி யார் என்று தேட வேண்டியதில்லை, அந்த 'மேலும்' என்ற சொல்தான். அதன் தம்பிகள் 'அதுமட்டுமல்லாமல்', 'குறிப்பிடத்தக்கது' இருவரும் கூட்டாளிகள். இரண்டு செய்திகளுக்கு இடையில் 'மேலும்' வந்தால் அவற்றுக்குள் உறவு இல்லை என்று எழுதியவரே ஒப்புக்கொள்கிறார் என்று பொருள். 'ஆனால்' வந்தால் ஒன்றை ஒன்று தடுக்கிறது. 'அதனால்' வந்தால் ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கிறது. சவுத் பார்க் கார்ட்டூன் தொடரை எழுதும் ட்ரே பார்க்கரும் மாட் ஸ்டோனும் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் சொன்ன விதி இதுதான்: காட்சிகளுக்கு நடுவே 'அப்புறம்' வந்தால் கதை செத்தது, 'ஆனால்' அல்லது 'அதனால்' வர வேண்டும். ராண்டி ஓல்சன் என்ற கடல் உயிரியலாளர் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு ஹாலிவுட்டுக்குப் போனவர். அவர் கிட்டத்தட்ட இதையே விஞ்ஞானிகளுக்குச் சொல்லித்தர 2015இல் ஒரு புத்தகமே போட்டார்.

ஆனால் நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதைச் சொல்ல அமெரிக்காவிலிருந்து ஆள் வர வேண்டுமா என்ன? வில்லுப்பாட்டு பிழைப்பதே இதில்தான். கோவில் கொடையில் வில்லடிக்கும் புலவர் ஒரு அடி பாடி நிறுத்துவார். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார், இல்லாவிட்டால் 'அப்படியா, பொறவு?' என்பார். அந்தப் 'பொறவு' சும்மா அலங்காரமில்லை. கேட்பவர் மனத்தில் அந்த இடத்தில் எழ வேண்டிய கேள்வியை ஒருவர் வாய்விட்டுக் கேட்கிறார். புலவர் பாடியதில் கேள்வி எழவில்லை என்றால் பின்பாட்டுக்காரருக்கு வேலையே இல்லை. இசக்கி கதையை விடிய விடியக் கேட்கிற கூட்டம், அதே இசக்கியம்மன் கோவிலைப் பற்றிய மூன்று நிமிட வீடியோவில் கொட்டாவி விடுகிறது. பொறுமை இல்லாத கூட்டமாம்!

சரி, ஆரல்வாய்மொழிக்கே ஒரு ஸ்கிரிப்ட் எப்படி வர வேண்டும் என்று கடைசி வரை பார்த்துவிடலாம்.

முதல் வேலை, தகவல் சேர்ப்பதல்ல. ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. அது அந்த ஊரைக் கடந்து போகிற ஒருவர் தன் கண்ணாலேயே பார்த்துக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ்ஸில் போகிறவர் ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழியைத் தாண்டும்போது என்ன பார்க்கிறார்? ஜன்னல் ஷட்டர் தடதடக்கிறது, பனை மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது, அம்மி பறக்கிற காற்று. அதற்கு நடுவில் ஒரு வரிசைக் காற்றாடிகள் அசையாமல் நிற்கின்றன. பின்சீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "இவ்வளவு காத்தடிக்கி, இது ஏன் சுத்தாம நிக்கி?"

இதுதான் கேள்வி. ஸ்கிரிப்டின் முதல் முப்பது வினாடி இது மட்டுமே. ஊர் பெயர் போதும், வட்டம் மாவட்டம் வேண்டாம். கேள்வி கிடைத்துவிட்டதும் இன்னொரு நன்மை தானாக நடக்கிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்ற சண்டை தீர்ந்துவிடுகிறது. 1809 போர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவுகிறதா? இல்லை. அப்படியானால் வெளியே. அது அருமையான விஷயம்தான், தனியாக ஒரு படம் எடுக்கலாம். இசக்கியம்மன்? வெளியே. 1500 மெகாவாட்? அதுவும் வெளியே, ஏனென்றால் பார்ப்பவருக்கு அது பெரிதா சிறிதா என்று தெரியாது. இங்கேதான் மாணவர் குழுக்கள் உடைகின்றன. தேடித் தேடி எடுத்த தகவலை வெட்ட மனசு வராது. 'ஒரு வரிதானே, இருக்கட்டும்' என்பார்கள். அந்த ஒரு வரியில்தான் பார்ப்பவர் செல்போனை எடுக்கிறார்.

கேள்விக்குப் பிறகு என்ன? உடனே பதிலைச் சொல்லக் கூடாது, பதிலுக்குத் தேவையான முதல் படியைச் சொல்ல வேண்டும். காற்றாடி நிற்பது ஏன் என்று புரிய, அங்கே காற்று ஏன் அடிக்கிறது என்று தெரிய வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அதற்குக் குறுக்கே சுவர் போல நிற்கிறது. அதனால் காற்று மேலே ஏறி, மழையை மேற்குப் பக்கமே கொட்டிவிடுகிறது. ஆனால் சுவரில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று சில இடங்களில் வாசல் இருக்கிறது. மகேந்திரகிரிக்குத் தெற்கே மலை தாழும் அந்த வாசலுக்குள் காற்று நெருக்கியடித்து நுழைகிறது. கிழக்கே வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காய்ந்த தரை வெயிலில் சூடேறிக் கிடக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. அதனால் வாசலுக்குள் நுழைந்த காற்றை அந்தப் பக்கமும் இழுக்கிறது. ஓடும் தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீய்ச்சுகிற மாதிரி.

இந்தப் பத்தியில் எத்தனை 'அதனால்', எத்தனை 'ஆனால்' என்று எண்ணிப் பார்க்கலாம். 'மேலும்' ஒன்றுகூட இல்லை. இதில் ஒரு வாக்கியத்தைத் தூக்கி வேறு இடத்தில் வைத்தால் கட்டடம் இடிந்துவிடும். அதுதான் வேண்டியது.

அடுத்த படி: காற்று இருப்பதால் மனிதர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது, சின்னச் சின்ன இயந்திரங்கள். கொஞ்ச காலத்தில் முப்பந்தலும் பிடித்துக்கொண்டது. 1990களில் தனியார் குவிந்தார்கள். ஏன் குவிந்தார்கள் என்பதற்கு இரண்டு காரணம், இரண்டுமே கதைக்குத் தேவை. ஒன்று காற்றின் கணக்கு. காற்றிலுள்ள சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. வினாடிக்கு 6 மீட்டர் காற்றையும் 8 மீட்டர் காற்றையும் ஒப்பிட்டால் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் சக்தியில் 216க்கு 512, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். எனவே கணவாய் வாயில் இருக்கும் நிலத்துக்கும் பத்து மைல் தள்ளி இருக்கும் நிலத்துக்கும் ஆதாயத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இரண்டாவது காரணம் வரி. அன்றைய சட்டப்படி காற்றாலைக்குப் போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். நூற்பாலை முதலாளிகள் காற்றாடி வைத்ததற்கு இயற்கைப் பற்று மட்டும் காரணமில்லை.

கவனிக்க வேண்டியது, மும்மடிக் கணக்கு இங்கே எந்த இடத்தில் வந்தது என்பதை. பட்டியல் ஸ்கிரிப்டில் இது 'தொழில்நுட்பத் தகவல்கள்' என்று ஒரு தலைப்பின் கீழ், சிறகின் நீளத்துக்கும் கோபுரத்தின் உயரத்துக்கும் நடுவில் கிடக்கும். அங்கே அது வெறும் சூத்திரம். இங்கே 'எல்லாரும் ஏன் இந்த ஒரே இடத்துக்கு முண்டியடித்தார்கள்?' என்று பார்ப்பவர் கேட்கிற நேரத்தில் வருகிறது, அதனால் பதிலாகிறது. தகவல் அதேதான். பசித்தவனுக்கு வைத்த சோறும் பசிக்காதவனுக்கு வைத்த சோறும் ஒரே சோறுதானே.

இப்போது திருப்பம். இதுவரை கேட்டவர் 'காற்று இருக்கு, ஆடி இருக்கு, அப்போ கரண்ட் வர வேண்டியதுதானே' என்று நினைத்துக்கொண்டிருப்பார். அந்த நினைப்பை வளரவிட்டு, பிறகு உடைக்க வேண்டும். உடைக்கும் வரி இது: அந்தக் காற்றாடி கரண்ட் தயாரிக்க, அதற்கே கரண்ட் வேண்டும்.

இது வார்த்தை விளையாட்டில்லை. முப்பந்தலின் பழைய இயந்திரங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். வயலில் தண்ணீர் இறைக்கிற பம்புசெட் மோட்டாரின் அண்ணன் என்று சொல்லலாம். லைனில் இணைத்த மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கொஞ்சம் கீழே ஓடும்போது கரண்டைத் தின்கிறது. அதே மோட்டாரை வெளியிலிருந்து யாராவது பிடித்து 1500க்குக் கொஞ்சம் மேலே சுற்றிவிட்டால் கரண்டைத் திருப்பிக் கொடுக்கிறது. காற்றாடியில் சிறகு நிமிடத்துக்கு நாற்பது சொச்சம் சுற்றுதான் சுற்றுகிறது. நடுவில் உள்ள கியர்பாக்ஸ் அதை 1500க்கு ஏற்றுகிறது. ஆனால் மோட்டாருக்குள் காந்தப்புலம் இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். அந்தக் காந்தப்புலத்தை உண்டாக்குகிற மின்னோட்டம் லைனிலிருந்துதான் வர வேண்டும். லைன் செத்தால் காந்தம் சாகும், பிடிப்பு இல்லாமல் சிறகு கண்டபடி வேகமெடுக்கும். ஆகவே இயந்திரம் தானாக பிரேக் போட்டு நின்றுவிடும், வெளியே புயலே அடித்தாலும்.

இந்த இடத்தில் படம் பார்க்கிறவர் நிமிர்ந்து உட்கார்வார். காற்று இருந்தும் நிற்பதற்கு முதல் காரணம் அவர் கையில் வந்துவிட்டது, அதுவும் அவர் எதிர்பார்த்ததற்கு நேர் மாறாக. பட்டியல் போடுகிறவர் இதே தகவலை 'இதில் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் பயன்படுத்தப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார். கையில் புதையலை வைத்துக்கொண்டு அதன் எடையை மட்டும் சொல்லிவிட்டுப் போவது மாதிரி.

திருப்பத்தோடு முடித்துவிடவும் கூடாது. லைனை நம்பித்தான் காற்றாடி சுற்றுகிறது என்றால் அந்த லைன் எப்படி இருந்தது? அதுதான் அடுத்த 'ஆனால்'. காற்று இருப்பது மாநிலத்தின் தென்கோடி. கரண்ட் தின்பது சென்னை, கோயம்புத்தூர். நடுவில் போதுமான உயரழுத்தக் கம்பிகள் பல வருடம் இல்லை. காற்றாடி வைப்பது சில மாத வேலை, உயரழுத்த லைன் இழுப்பது பல வருட வேலை. அதனால் காற்றாடிகள் முந்திக்கொண்டன. ஆடி இரவில் காற்று வீசும், ஊர் தூங்கும், தேவை குறையும். அனல் மின் நிலையத்தை ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது. அப்போது 'நிறுத்து' என்று காற்றாலைக்குத்தான் உத்தரவு போகும். காற்றாலைக்காரர்கள் வருடக்கணக்காகப் புலம்பியது இதைப் பற்றித்தான்.

இதற்கு நேர் எதிரே ஒரு காட்சியை வைக்க வேண்டும். 2012 கடைசியில் தமிழ்நாட்டில், சென்னைக்கு வெளியே, ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. பரீட்சைக்கு மெழுகுவர்த்தி வைத்துப் படித்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டாம். ஐப்பசி பிறந்து காற்று நின்றதும் மின்வெட்டு இன்னும் மோசமானது. ஆடியில் வேண்டாம் என்று நிறுத்திய காற்று, கார்த்திகையில் வேண்டும் என்றபோது இல்லை. காற்றை மூட்டை கட்டி வைக்க முடியாதே. பக்கத்து ஊருக்கு விற்கலாமே என்றால் அதிலும் ஒரு சிக்கல். தென்மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது நாட்டின் மற்ற பகுதிகளோடு முழுதாக இணைக்கப்படவில்லை. சில இடங்களில் மட்டும் குறுகிய இணைப்பு இருந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாகத்தான் அது தேசியத் தொகுப்போடு ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கியது. கயத்தாறு பக்கம் பெரிய துணைமின் நிலையங்களும் லைன்களும் வந்தபின் நிலைமை மாறியது.

இவ்வளவும் ஐந்து நிமிடத்தில் அடங்குமா என்றால், தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குப் பக்கம்தான் வரும். ஆக மொத்தம் ஐந்நூறு சொல். கேள்விக்கு ஐம்பது, காற்றுக்கு நூறு, முண்டியடிப்புக்கு எழுபது, திருப்பத்துக்கு நூற்றைம்பது, லைனுக்கு நூறு, முடிவுக்கு முப்பது. திருப்பத்துக்கு அதிகம் ஒதுக்கியிருப்பது வேண்டுமென்றேதான், புரிய நேரமெடுக்கிற இடம் அது. பட்டியல் ஸ்கிரிப்டில் எல்லாத் தகவலுக்கும் ஒரே பத்து வினாடி கிடைக்கும். வரி விலக்கும் கோவில் நடை திறக்கும் நேரமும் அங்கே சரிசமம்.

இனி எதிர்ப்புகள். "அறிவியலை அறிவியலாகச் சொல்லுங்கள், கதை எதற்கு?" என்பார்கள். மேலே சொன்னதில் கதாநாயகன், கதாநாயகி, கண்ணீர் எதுவும் இல்லை. காற்று ஒரு தடையைச் சந்திக்கிறது, வாசல் கண்டுபிடிக்கிறது, மனிதன் அதைப் பிடிக்கிறான், இன்னொரு தடை வருகிறது. இது இயற்பியலின் வரிசையேதான். வரிசையைக் கலைத்துப் போட்டால் அறிவியல் கூடிவிடுமா? "பரீட்சையில் பாயிண்ட் பாயிண்டாக எழுதினால்தானே மார்க்" என்று இன்னொரு கட்சி. அது சரிதான், திருத்துபவருக்கு விடை முன்பே தெரியும், அவர் எண்ணிப் பார்க்கத்தான் வருகிறார். படம் பார்க்கிறவருக்கு விடை தெரியாது. தெரிந்தவருக்கு எழுதும் முறையில் தெரியாதவருக்கு எழுதினால் அவர் ஓடாமல் என்ன செய்வார்?

மூன்றாவது எதிர்ப்புதான் பலமானது. கதைக்கு ஆசைப்பட்டால் உண்மை வளைந்துவிடும் என்பது. வளையும்தான். அதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டாம், இதே காற்றாடிகளைப் பற்றியே ஒரு கதை உலவுகிறது: "காத்தாடி வந்தது, மேகத்தை விரட்டுச்சு, மழை போச்சு." கதை என்று பார்த்தால் எவ்வளவு கச்சிதம்! வில்லன் இருக்கிறான், இழப்பு இருக்கிறது, ஒரே மூச்சில் முடிகிறது. ஆனால் கணவாயின் கிழக்கே மழை குறைந்திருப்பது காற்றாடிக்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்திய சங்கதி. அது மலையின் மழைமறைவுப் பிரதேசம். மேற்கே நெல்வயல், கிழக்கே பனையும் உடைமரமும் என்று நிலமே சொல்கிறது. அந்தப் பழைய காற்றாடியின் சிறகு நுனி தரையிலிருந்து ஐம்பது மீட்டர் தாண்டாது. மழை மேகம் இருப்பது அதற்கு மிக மிக மேலே.

இந்தப் பொய்க் கதையை எதைக் கொண்டு பிடிப்பது? பட்டியலைக் கொண்டு முடியாது. பட்டியலில் 'காற்றாலைகள் 1990களில் பெருகின', 'இப்பகுதியில் மழை குறைவு' என்று இரண்டு வரியும் அடுத்தடுத்து அப்பாவியாக நிற்கும். பார்ப்பவரே நடுவில் ஒரு 'அதனால்' போட்டுக்கொள்வார். மனிதர் மனசு வெற்றிடத்தை விட்டுவைக்காது. எழுதியவர் கண்ணியை வைக்காவிட்டால் படிப்பவர் கையில் கிடைத்த கண்ணியை மாட்டிவிடுவார். ஆக, கதைக்குப் பயந்து பட்டியல் போடுகிறவர் பொய்யைத் தடுப்பதில்லை, அதற்குத் திண்ணையில் பாய் விரித்துக் கொடுக்கிறார். ஒவ்வொரு 'அதனால்'-ஐயும் வெளிப்படையாக எழுதினால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்கலாம்: முதலாவது இல்லாதபோதும் இரண்டாவது இருந்ததா? இருந்தது என்றால் அந்த 'அதனால்' பொய். மழைக் கதை அந்தக் கேள்வியில் விழுந்துவிடும். லைன் கதை விழாது, லைன்கள் வந்தபின் நிலைமை மாறியதே அதற்குச் சாட்சி.

கதை முறையிலும் சொதப்பலாம், அதையும் சொல்லத்தான் வேண்டும். அதிகம் நடப்பது, தொடக்கத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதது. 'ஆரல்வாய்மொழியின் மர்மம்!' என்று ஆரம்பித்துவிட்டுப் பருவக்காற்றைச் சொன்னால் பார்ப்பவர் திட்டுவார், திட்ட வேண்டும். இன்னொன்று, ஒரு விவசாயியையோ டீக்கடைக்காரரையோ கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு வரி உருக்கமாகப் பேசவைத்துவிட்டு, அவரை மறந்துவிட்டு மறுபடி பட்டியலுக்குப் போவது. முகத்தை ஒட்டவைத்தால் கதை ஆகிவிடாது. அந்த ஆள் ஏதாவது விரும்ப வேண்டும், அது ஏதோ ஒன்றால் தடைபட வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லையா, காற்றையே நாயகனாக வைத்துக்கொள்ளலாம். அது கோபித்துக்கொள்ளாது.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கேமராவைத் தொடும் முன்பே, விஷயம் தெரியாத ஒருவரிடம் ஸ்கிரிப்டை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பத்தி முடிவிலும் நிறுத்த வேண்டும். அவராகவே 'பொறவு?' என்றோ 'அப்படின்னா லைன் இல்லாட்டி?' என்றோ கேட்டால், அடுத்த பத்தி அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அவர் வேறு எதையோ கேட்டால் வரிசை தப்பு. ஒன்றுமே கேட்காமல் 'நல்லாருக்கு' என்றால் நிலைமை கவலைக்கிடம்.

மிச்சம் இருப்பது அந்தக் கடைசி முப்பது சொல். 'பசுமை எரிசக்தியைப் போற்றுவோம்' என்ற வரியை முதலில் அடித்துவிட வேண்டும். அந்த வரியைச் சூரிய அடுப்புப் படத்திலும் சாண எரிவாயுப் படத்திலும் அப்படியே ஒட்டலாம். அதன் இடத்தில் பஸ்ஸில் கேட்டவரின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுக்கலாம். காற்று பலமாக இருக்கும்போது ஒன்று மட்டும் நின்றால் அது பெரும்பாலும் ரிப்பேர். ஒரு வரிசை முழுக்க நின்றால் லைனில் கோளாறு, அல்லது நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பழைய இயந்திரங்கள் பலவற்றில் நிற்கும்போது சிறகின் நுனித் துண்டு மட்டும் குறுக்கே திரும்பியிருப்பது கீழேயிருந்தே தெரியும், அதுதான் அந்த பிரேக். அடுத்த முறை முப்பந்தலைத் தாண்டும்போது தலையை வெளியே நீட்டாமல் பார்க்கவும்.